ஸ்ட்ரெச்சரில் ஊர் திரும்பியவரின் பில்: காப்பீட்டு நிறுவனத்துக்கு எப்படி எழுதுவது?

வளைகுடாவிலோ மலேசியாவிலோ வேலை பார்க்கும் பலருக்குத் தங்கள் பெயரில் ஒரு காப்பீட்டுப் பாலிசி இருப்பதே தெரியாது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈசிஆர் என்ற குறிப்பு இருக்கும். அந்தப் பாஸ்போர்ட்டோடு வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, இந்திய அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். அனுமதிக்கு முன் ‘பிரவாசி பாரதீய பீமா யோஜனா’ என்ற பாலிசி எடுத்தே ஆக வேண்டும். 2017-இல் திருத்தப்பட்ட விதிப்படி பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. ஏஜென்ட் கட்டிவிட்டு மொத்தச் செலவில் சேர்த்துவிடுவார். பாலிசித் தாள் விசா நகலோடு எங்கோ கிடக்கும்.

ஆள் படுத்துவிட்டால்தான் அந்தத் தாளைத் தேடுவோம். தேடி எடுத்ததும் வரும் கேள்வி ஒன்றுதான்: “இன்சூரன்ஸ் இருக்குல்ல, எல்லாச் செலவும் கிடைச்சிடும்ல?” எல்லாம் கிடைக்காது. ஆனால் கிடைக்க வேண்டியதுகூடப் பலருக்குக் கிடைப்பதில்லை. பெரும்பாலும் காரணம், எல்லாப் பில்லையும் ஒரே தொகையாகக் கூட்டி ஒரே கடிதத்தில் கேட்பதுதான்.

அதனால் முதலில் ஒரு வார்த்தையைப் பிரித்துப் பார்ப்போம். வீட்டில் நாம் ‘எமர்ஜென்சியா ஊருக்குக் கொண்டுவந்தோம்’ என்று ஒரே மூச்சில் சொல்வதைக் காப்பீட்டுக்காரர்கள் மூன்றாகப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்தியம் பார்த்த செலவு ஒன்று. இருக்கும் ஊரில் வசதி இல்லாததால் வசதியுள்ள அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன செலவு இரண்டாவது; மெடிக்கல் எவாக்குவேஷன் என்பது சரியாகச் சொன்னால் இதுதான். ஓரளவு தேறியபின் சொந்த நாட்டுக்கு அனுப்பும் செலவு மூன்றாவது. அதன் பெயர் ரீபேட்ரியேஷன். ஒவ்வொரு பாலிசியிலும் இந்த மூன்றுக்கும் தனித்தனி வரம்பு இருக்கும், அல்லது ஏதாவது ஒன்று இல்லவே இருக்காது. நல்ல வெளிநாட்டுப் பயணப் பாலிசியில் எவாக்குவேஷனுக்கு டாலரில் தனித் தொகை எழுதியிருக்கும். 275 ரூபாய்ப் பாலிசியில் அப்படி ஒரு தலைப்பை எதிர்பார்க்கக் கூடாது. அதில் இருப்பது இவ்வளவுதான்: வைத்தியச் செலவுக்கு மொத்தம் 1 லட்சம் ரூபாய், ஒரு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 50,000 வரை. வேலை செய்ய உடல் தகுதி இல்லை என்று ஆகி, முதலாளி ஒப்பந்தத்தை முடித்துவிட்டால், ஊர் திரும்ப உண்மையில் ஆன ஒருவழி எகானமி வகுப்பு விமானக் கட்டணம். விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ என்றால் 10 லட்சம் என்பது வேறு கணக்கு. அதற்குள் இங்கே போகவில்லை.

‘ஒருவழி எகானமி கட்டணம்’ என்ற அந்தச் சொற்றொடரில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. படுத்த நிலையில் வருகிறவருக்கு எகானமி டிக்கெட் ஒன்று போதாது. பயணிகள் விமானத்தில் ஸ்ட்ரெச்சர் பொருத்த, பின்பக்கத்தில் ஆறு இருக்கைகளையோ ஒன்பது இருக்கைகளையோ மடக்கி அதன்மேல் பலகை போடுவார்கள். அத்தனை இருக்கைக்கும் நாம்தான் பணம் கட்ட வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆள் கற்பனைதான், ஆனால் இந்தக் கணக்கில் வரும் ஒவ்வொரு இடறலையும் நான் காகிதங்களில் பார்த்திருக்கிறேன்.

ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், வயது 43. ஓமானில் சோஹாரில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சென்ட்ரிங் வேலை. போய் எட்டாவது மாதம் ஒருநாள் காலையில் வலது கை, கால் இழுத்துக்கொண்டது. பக்கவாதம். சோஹார் ஆஸ்பத்திரியில் முதல் சிகிச்சை, பிறகு ஆம்புலன்ஸில் மஸ்கட். மூன்று வாரம் கழித்து, இனி இந்த வேலை முடியாது என்று டாக்டர்கள் எழுத, கம்பெனி ஒப்பந்தத்தை முடித்தது. ஸ்ட்ரெச்சரில், ஒரு நர்ஸ் துணையோடு சென்னைக்கு விமானம். அங்கிருந்து ஆம்புலன்ஸில் மதுரை, அங்கே மறுபடி ஆஸ்பத்திரி.

கம்பெனி எடுத்திருந்த மருத்துவக் காப்பீடு ஓமான் ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பகுதியைக் கட்டிவிட்டது. அது போக அவர் கையிலிருந்தும், உடன் தங்கியிருந்தவர்கள் வசூலித்தும் கட்டியது இவ்வளவு: மஸ்கட் ஆஸ்பத்திரியில் 240 ரியால், சோஹார்–மஸ்கட் ஆம்புலன்ஸ் 45.500 ரியால், ஸ்ட்ரெச்சர் டிக்கெட் 780 ரியால், நர்ஸின் கட்டணமும் போக வர டிக்கெட்டும் 210 ரியால். இங்கே வந்தபின் ஆம்புலன்ஸ் 22,000 ரூபாய், மதுரை ஆஸ்பத்திரி 61,300 ரூபாய். ஒரு ரியாலுக்கு 220 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 3,63,910 ரூபாய்.

இங்கே ஒரு சின்ன விஷயம், சொல்லாமல் போனால் வருத்தப்படுவீர்கள். ஓமான் ரியாலில் ஆயிரம் பைசா. குவைத், பஹ்ரைன் தினார்களும் அப்படியே ஆயிரமாகப் பிரிபவை. அதனால் பில்லில் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வரும். 45.500 என்றால் நாற்பத்தைந்தரை ரியால். நம் ஊர்க் கண்ணுக்கு அது நாற்பத்தைந்தாயிரத்து ஐந்நூறு மாதிரி தெரியும். குடும்பத்தார் அப்படியே பட்டியலில் எழுதி அனுப்பி, ‘தொகை முரண்படுகிறது’ என்று திரும்பி வந்த விண்ணப்பத்தை என் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பொய்க் கணக்கு என்ற சந்தேகம் ஒருமுறை விழுந்துவிட்டால் மற்றப் பில்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் ரியால், பில் தேதியன்று இருந்த மாற்று விகிதம், ரூபாய் என்று மூன்றையும் எழுதுங்கள். விகிதத்துக்கு ஆதாரமாக அந்த வாரம் பணம் அனுப்பிய எக்ஸ்சேஞ்ச் ரசீது ஒன்று இருந்தால் போதும்.

சரி, இந்த 3,63,910 ரூபாயில் பாலிசி எதைத் தரும்?

ஓமான் ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் இரண்டும் சேர்த்து 285.500 ரியால், அதாவது 62,810 ரூபாய். அந்த நாட்டுக்குள்ளேயே ஆஸ்பத்திரி மாற்றும் ஆம்புலன்ஸுக்கு இந்தப் பாலிசியில் தனித் தலைப்பு இல்லாததால் அதையும் வைத்தியச் செலவோடுதான் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒருமுறைச் சேர்க்கைக்கு வரம்பு 50,000. ஆக, கிடைக்கக்கூடியது 50,000.

அடுத்தது பலர் கேட்காமலே விட்டுவிடுவது. இந்தப் பாலிசியின் வைத்தியச் செலவு வேலை செய்யும் நாட்டோடு நிற்பதில்லை. பாலிசிக் காலத்துக்குள் இந்தியாவில் சேர்த்துப் பார்த்த வைத்தியத்துக்கும் கேட்கலாம். மதுரை ஆஸ்பத்திரியில் சேர்ந்தது தனிச் சேர்க்கை. பில் 61,300 என்றாலும் அதிலும் 50,000 வரை கேட்க இடமிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு லட்சம் என்ற மொத்த வரம்பு சரியாக நிரம்பிவிடும்.

விமானக் கட்டணத்துக்கு வருவோம். 780 ரியால் கட்டியிருந்தாலும் பாலிசி பேசுவது ஒருவழி எகானமி கட்டணத்தை மட்டும். விமான நிறுவனத்திடமோ டிராவல்ஸ்காரரிடமோ, அதே நாள், அதே விமானத்தில் ஒரு சாதாரண எகானமி இருக்கை என்ன விலை என்று பிரித்துக் காட்டிய ரசீதோ ஒரு வரிக் கடிதமோ வாங்க வேண்டும். நம் கணக்கில் அது 68 ரியால், 14,960 ரூபாய். இதை வாங்காமல் ‘ஸ்ட்ரெச்சர் கட்டணம் 780’ என்ற ஒற்றை வரி ரசீதை மட்டும் வைத்தால், ‘இது எங்கள் பாலிசியில் இல்லாத செலவு’ என்று 68 ரியாலையும் சேர்த்து நிராகரிக்க வழி கிடைத்துவிடும்.

ஆக உறுதியாகக் கேட்கக்கூடியது 50,000, இன்னொரு 50,000, பிறகு 14,960; மொத்தம் 1,14,960 ரூபாய். செலவானதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியானால் ஸ்ட்ரெச்சருக்கும் நர்ஸுக்கும் கேட்கவே கூடாதா? கேட்கலாம், ஆனால் தனியாக. ‘பாலிசிப்படி கோரும் தொகை’ என்று ஒரு பகுதி, ‘பரிசீலிக்க வேண்டுவது’ என்று இன்னொரு பகுதி. இரண்டையும் கலந்தால் மறுக்கக்கூடியது மறுக்க முடியாததையும் இழுத்துக்கொண்டு போகும்.

இதே ஆள் தனியார் நிறுவனம் ஒன்றின் வெளிநாட்டுப் பயணப் பாலிசியோ வேலைக்கான பாலிசியோ எடுத்து, அதில் எவாக்குவேஷன் தலைப்பு இருந்திருந்தால் கதை வேறு. அங்கே ஸ்ட்ரெச்சரும் நர்ஸும் பொதுவாகக் கணக்கில் வரும். ஆனால் அந்தப் பாலிசிகளில் ஒரு வாசல் காவல் உண்டு: காப்பீட்டு நிறுவனம் அமர்த்தியுள்ள உதவி மையத்தின் 24 மணி நேரத் தொலைபேசிக்கு முதலில் கூப்பிட்டு, அவர்கள் அனுமதித்து, முடிந்தால் அவர்களே ஏற்பாடு செய்ய வேண்டும். நாமாக டிக்கெட் போட்டுவிட்டுப் பிறகு பில் அனுப்பினால், ‘நாங்கள் ஏற்பாடு செய்திருந்தால் ஆகியிருக்கும் தொகை’ மட்டும் தருவார்கள், அல்லது அதுவும் இல்லை என்பார்கள். கூப்பிட்ட தேதி, நேரம், பேசியவர் தந்த கேஸ் எண் ஆகியவற்றை டிஸ்சார்ஜ் தாளின் பின்புறமாவது எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாத கடிதம் அங்கே பாதிக் கடிதம்தான்.

காகிதங்கள் என்ன சொல்ல வேண்டும்

காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பைத் திறப்பவர் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுவார். ஏன் நகர்த்தினீர்கள்? யார் முடிவெடுத்தது? யார் பணம் கொடுத்தது? காகிதம் எத்தனை கட்டாக இருந்தாலும் இந்த மூன்றுக்குத்தான் உழைக்க வேண்டும்.

‘ஏன்’ என்பதற்குப் பதில் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் இருக்கும். அதில் ஒரு வரியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். நோயாளியின் வேண்டுகோளின்படி டிஸ்சார்ஜ் என்றோ, மருத்துவ ஆலோசனைக்கு எதிராகச் செல்கிறார் என்றோ எழுதியிருந்தால் பெரிய பிரச்சினை. வீட்டுக்காரர்கள் டாக்டரிடம் “ஊருக்குக் கொண்டுபோயிடுறோம் சார்” என்று கெஞ்சுவார்கள். அவர் அதை அப்படியே ‘வேண்டுகோளின்படி’ என்று எழுதிவிடுவார். அவர் மேல் தப்பில்லை, கேட்டது நாம்தானே. ஆனால் காப்பீட்டின் கண்ணில் அது அவசியத்தால் வந்த பயணமில்லை, விருப்பத்தால் வந்த பயணம். நமக்கு வேண்டிய வாசகம் வேறு: இன்ன நோய், இன்ன தேதி முதல் இன்ன வேலைக்குத் தகுதியில்லை, நீண்டகால மறுவாழ்வுச் சிகிச்சை தேவை, படுத்த நிலையில் மருத்துவத் துணையோடு பயணம் செய்யலாம். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே இதைப் பேசி வாங்க வேண்டும். ஊருக்கு வந்தபின் மஸ்கட் டாக்டரைப் பிடித்துத் திருத்துவது ஆகிற காரியமில்லை.

பக்கவாதத்தில் இன்னொரு வரியும் இடறும்: ‘ஐந்து வருடமாக ரத்த அழுத்தம் உள்ளவர்.’ அவசரப் பிரிவில் உடனிருந்த நண்பர் யாரோ “பிரஷர் உண்டு சார்” என்று சொன்னதை வைத்து எழுதியிருப்பார்கள். பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்ற கேள்வி உடனே எழும். உண்மையாகவே இருந்திருந்தால் மறைக்க வேண்டாம். மறைத்தது தெரிந்தால் எல்லாம் போச்சு. இல்லை என்றால், வளைகுடாவுக்குப் போகுமுன் எல்லோரும் எடுத்த மருத்துவப் பரிசோதனை இருக்கிறதே, நம் ஆட்கள் ‘காம்கா மெடிக்கல்’ என்பார்களே, அந்தத் தகுதிச் சான்றின் நகலைச் சேருங்கள். எட்டு மாதத்துக்கு முன் தகுதி என்று சொன்ன காகிதம் அது. அந்த நண்பர் யூகத்தில் சொன்னார் என்பதையும் கடிதத்தில் ஒரு வரியில் எழுதலாம்.

‘யார் முடிவெடுத்தது’ என்பதற்கு மூன்று காகிதம். முதலாவது டாக்டரின் தகுதியின்மைச் சான்று. இரண்டாவது, கம்பெனி ஒப்பந்தத்தை முடித்த கடிதம். அது அரபியில் இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும் வேண்டும். தானாக ராஜினாமா செய்ததாக எழுதிக் கையெழுத்து வாங்கும் கம்பெனிகள் உண்டு. ராஜினாமா என்றால் இந்த விமானக் கட்டணத் தலைப்பே பொருந்தாது. அதனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுமுன் ஒருவராவது படித்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, திரும்பி வந்த காரணத்தை உறுதிசெய்யும் இந்தியத் தூதரகச் சான்று. அசல் டிக்கெட்டும் தூதரகச் சான்றும் இந்தத் தலைப்பின் இரண்டு கால்கள். வந்தபின் கேட்டு வாங்குவதைவிட ஏறுமுன் வாங்குவது ஆயிரம் மடங்கு எளிது.

இதோடு, விமான நிறுவனத்துக்காக டாக்டர் நிரப்பிய மருத்துவத் தகவல் படிவமும் சேர வேண்டும். விமானத் துறையில் ‘மெடிஃப்’ என்பார்கள். நோயாளி உட்கார முடியுமா, ஆக்சிஜன் வேண்டுமா, துணை யார் என்றெல்லாம் அதில் கட்டம் கட்டமாகக் குறித்திருக்கும். பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே கொடுத்து, விமான நிறுவனத்தின் மருத்துவர் ஒப்புதல் பெற்றிருப்பீர்கள். அதன் நகலை அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரெச்சர் ஆடம்பரமில்லை என்பதற்கு நம் கடிதம் சொல்வதைவிட அந்தப் படிவம் நன்றாகச் சொல்லும்.

‘யார் பணம் கொடுத்தது’ என்பதில்தான் நம் ஆட்கள் அதிகம் சிக்குவார்கள். ஸ்ட்ரெச்சர் ரசீதில் அறைத்தோழர் பெயர் இருக்கும், ஏனென்றால் அவர் கார்டில்தான் கட்டியிருப்பார். அதில் தப்பில்லை. அவர் நோயாளிக்காகக் கட்டினார், கடனாகத் தந்தார் என்று அவரே எழுதிய ஒரு பக்க உறுதிமொழியும் அடையாள அட்டை நகலும் இருந்தால் போதும். ஆனால் டிக்கெட்டைக் கம்பெனியோ தூதரகமோ எடுத்துக் கொடுத்திருந்தால் அதை நாம் கேட்கக் கூடாது. ஒரே செலவை இரண்டு இடத்தில் வாங்க முடியாது; காப்பீட்டின் அடிப்படை அது. கம்பெனிக் காப்பீடு கட்டிய தொகையையும் நாமே முந்திக்கொண்டு கடிதத்தில் சொல்லிவிடுவது நல்லது.

கடிதம்

கடிதம் ஒரு பக்கம், போனால் ஒன்றரைப் பக்கம். கதை வேண்டாம், கண்ணீர் வேண்டாம். கிளெய்ம் படிவம் தனி. அதன் மேல் வைக்கும் கடிதம் இது. தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் ஒரு நகல் சேர்ப்பது என் பழக்கம்; கோப்பு வெளிமாநில அலுவலகத்துக்குப் போனால் தாமதமாகாது. நம் ஆளுக்காக எழுதினால் இப்படி இருக்கும்:

பெறுநர்: மேலாளர், கிளெய்ம் பிரிவு (பாலிசியில் உள்ள அலுவலக முகவரி)

பொருள்: பிரவாசி பாரதீய பீமா யோஜனா பாலிசி எண் ______, பாஸ்போர்ட் எண் ______. மருத்துவச் செலவும் ஊர் திரும்பிய விமானக் கட்டணமும் கோருதல்.

ஐயா,

நான் மேற்கண்ட பாலிசியின் காப்பீடு பெற்றவர். ஓமான், சோஹாரில் சென்ட்ரிங் தொழிலாளியாக ______ தேதி முதல் வேலை செய்துவந்தேன். ______ அன்று எனக்குப் பக்கவாதம் ஏற்பட்டு வலது கை, கால் செயலிழந்தன. சோஹார் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டு, நரம்பியல் சிகிச்சைக்காக ஆம்புலன்ஸில் மஸ்கட் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டேன் (இணைப்பு 1, 2).

______ அன்று மருத்துவர்கள் நான் வேலையைத் தொடர உடல் தகுதி இல்லை எனச் சான்றளித்தனர் (இணைப்பு 3). அதன்பேரில் நிறுவனம் ______ அன்று ஒப்பந்தத்தை முடித்தது (இணைப்பு 4, மொழிபெயர்ப்புடன்). திரும்பி வந்த காரணத்தை இந்தியத் தூதரகம் உறுதிசெய்துள்ளது (இணைப்பு 5). ______ அன்று ஸ்ட்ரெச்சரில், செவிலியர் துணையுடன் சென்னை வந்தேன் (அசல் டிக்கெட், போர்டிங் பாஸ், மருத்துவத் தகவல் படிவம்: இணைப்பு 6). அன்றே மதுரையில் உள்நோயாளியாகச் சேர்ந்தேன் (இணைப்பு 7).

அ. பாலிசிப்படி கோரும் தொகை:
ஓமான் சிகிச்சை, ஆம்புலன்ஸ் 285.500 ரியால் = ரூ. 62,810; வரம்பின்படி ரூ. 50,000.
மதுரை சிகிச்சை ரூ. 61,300, வரம்பின்படி ரூ. 50,000.
ஒருவழி எகானமி கட்டணம் 68.000 ரியால் = ரூ. 14,960.
மொத்தம் ரூ. 1,14,960.

ஆ. பரிசீலிக்க வேண்டுவது:
ஸ்ட்ரெச்சருக்கு எகானமி கட்டணத்துக்கு மேல் ஆன 712.000 ரியால், செவிலியர் துணைக்கு 210.000 ரியால். உட்கார்ந்து பயணம் செய்ய இயலாது என்பதை இணைப்பு 6 காட்டுகிறது. இப்பகுதி மீதான முடிவு எதுவாயினும், பகுதி ‘அ’-வைத் தனியாகத் தீர்த்துவைக்க வேண்டுகிறேன்.

ஓமான் சிகிச்சையில் மீதித் தொகையை நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு செலுத்தியது. அதை நான் கோரவில்லை. டிக்கெட் தொகையை உடன் பணிபுரிபவர் எனக்குக் கடனாகச் செலுத்தினார். அவரது உறுதிமொழி இணைப்பு 8. வங்கிக் கணக்கு விவரமும் ரத்துசெய்த காசோலையும் இணைப்பு 9.

வலது கை செயலிழந்ததால் இடது பெருவிரல் ரேகை வைத்துள்ளேன். சாட்சிகளும் மருத்துவர் குறிப்பும் கீழே.

கடிதம் இத்தோடு முடிகிறது.

கடைசி வரியைக் கவனியுங்கள். வலது பக்கம் விழுந்தவரின் கையெழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளதோடு ஒத்துப்போகாது. இடது கையால் கோணல்மாணலாகப் போட்டு அனுப்புவார்கள். ‘கையெழுத்து வேறுபடுகிறது’ என்று ஒரு கேள்விக் கடிதம் வரும், அதில் ஒரு மாதம் போகும். மகன் அப்பா மாதிரியே போட்டுக் கொடுப்பது இன்னும் மோசம். ரேகை வைத்து, இரண்டு சாட்சி, டாக்டரின் ஒரு வரி, அவ்வளவுதான். வங்கிக் கணக்கும் அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். மனைவி கணக்கு எண்ணைக் கொடுத்தால் பணம் வருவது நின்றுவிடும்.

பில் பட்டியலில் தேதி வரிசை முக்கியம். சோஹார் சேர்க்கை, மாற்றம், மஸ்கட் டிஸ்சார்ஜ், விமானம், மதுரைச் சேர்க்கை என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாக வர வேண்டும். நடுவில் நான்கு நாள் இடைவெளி இருந்தால் ‘அந்த நான்கு நாள் எங்கே இருந்தார்’ என்று கேட்பார்கள். டிஸ்சார்ஜ் ஆகி, ஸ்ட்ரெச்சருக்கு இடம் கிடைக்காமல் தங்குமிடத்தில் படுத்திருந்திருப்பார்; அதைக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டால் கேள்வியே இல்லை.

அனுப்புமுன் முழுக் கட்டையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அசல் டிக்கெட் ஒருமுறை கைமாறினால் திரும்பக் கிடைக்காது. ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்பி, அன்றே மின்னஞ்சலிலும் போடுங்கள். கிளெய்ம் தர வேண்டிய காலக்கெடு பாலிசித் தாளில் இருக்கும். ஊனமுற்று வந்தவர் சில வாரம் பிந்தினால் அதற்கான காரணத்தை ஆஸ்பத்திரித் தேதிகளோடு சொல்லுங்கள். தவிர்க்க முடியாத தாமதத்தை மட்டுமே காரணம் காட்டி, மற்றபடி சரியான கோரிக்கையை இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதினால் அலுவலகத்தில் காது கொடுப்பார்கள்.

மறுத்துவிட்டால், எந்த விதிப்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் அதே நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், ஆனால் நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

மீதி 2,48,950 ரூபாய்க்கு யாரைக் கேட்பது? கம்பெனியைத்தான் முதலில். வளைகுடா ஒப்பந்தங்களில் வேலை முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் பொதுவாக முதலாளி பொறுப்பு. ஒப்பந்தத் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டால், காப்பீட்டில் கேட்ட 14,960-ஐ எழுத்து மூலம் விலக்கிக்கொள்ள வேண்டும். தூதரகங்களில் இந்தியச் சமுதாய நல நிதி என்று ஒன்று 2009 முதல் இருக்கிறது. வசதியில்லாதவர்களின் அவசர மருத்துவத்துக்கும் ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கும் அதிலிருந்து உதவுவார்கள். ஆனால் அது தகுதி பார்த்துத் தூதரகம் கொடுப்பது, பில் அனுப்பி வாங்குவதல்ல. ஸ்ட்ரெச்சருக்கு அறையில் துண்டு ஏந்தி வசூல் தொடங்கும் முன்பே, டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகலோடு ஒருவர் தூதரகத்தின் சமுதாய நலப் பிரிவுக்குப் போய் நின்றிருக்க வேண்டும். சான்றிதழுக்கு எப்படியும் அங்கே போகத்தானே வேண்டும். அந்த ஒரே நடையில் இரண்டையும் கேட்டுவிடலாம்.